நைட் டியூட்டி செவிலியரின் முதல் 10 கி.மீ. ஓட்டம்: பன்னிரண்டு வாரத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை ஓடிப் பழகாத, ஆனால் நிற்காமல் அரை மணி நேரம் வேகமாக நடக்கக்கூடிய ஒருவரை மனதில் வைத்து எழுதியது இது. இலக்கு 10 கி.மீ. பந்தயத்தை முடிப்பது மட்டும்தான். எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்பது இரண்டாவது பந்தயத்துக்கான கேள்வி. இதய நோய், சர்க்கரை, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கிடைக்கிற 10 கி.மீ. திட்டம் எல்லாம் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று கிழமை போட்டுத்தான் இருக்கிறது. அதையே நானும் பின்பற்றினால் என்ன?

பகல் வேலை பார்ப்பவருக்கு எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் செவ்வாயன்று ஓடினாலும் புதனன்று ஓடினாலும், முந்தைய இரவு ஏழெட்டு மணி நேரம் தூங்கிய உடம்போடு ஓடுகிறார். உங்களுக்கு மூன்றாவது நைட் முடித்த நாள் வேறு, இரண்டாவது ஆஃப் நாள் வேறு. நைட் முடித்துப் பகலில் தூங்கும் தூக்கம் பலருக்கு ஐந்து, ஆறு மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. வெளிச்சமும் சத்தமும் மட்டும் காரணம் இல்லை; காலை ஏற ஏற உடல் வெப்பநிலையும் ஏறுகிறது, உள்கடிகாரம் எழுந்திரு என்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைந்தாலே மூன்று நைட்டில் ஆறு மணி நேரத் தூக்கக் கடன் சேர்ந்துவிடும். அந்தக் கடனோடு வாரத்தின் நீளமான ஓட்டத்தை ஓடினால் பயிற்சி உடம்பில் ஒட்டாது, காயம் ஒட்டும்.

அதனால் இந்தத் திட்டத்தில் கிழமையே கிடையாது. வாரத்துக்கு மூன்று ஓட்டம்: குட்டி ஓட்டம், நடு ஓட்டம், நீள ஓட்டம். ரோஸ்டரில் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து அவை உட்காரும். நீள ஓட்டத்துக்கு நன்றாகத் தூங்கி எழுந்த நாள்தான் வேண்டும். நடு ஓட்டம் அதற்கு ஒரு நாளாவது தள்ளி இருக்க வேண்டும். குட்டி ஓட்டம் டியூட்டி நாளில் வரலாம், நெருக்கடி வந்தால் முதலில் கைவிட வேண்டியதும் அதுதான்.

டியூட்டி முடிந்து வரும்போதே ஓடிவிட்டால் வேலை முடிந்ததே? வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவேன்.

படுக்கத்தான் வேண்டும். டியூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஓட்டத்தை வைக்காதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒரே விஷயம். காலை வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் உடம்பு சூடாகிறது, கண்ணில் படும் வெளிச்சம் உள்கடிகாரத்துக்குப் பகல் வந்துவிட்டது என்று சொல்கிறது. அப்புறம் குளித்து, சாப்பிட்டுப் படுக்க மணி பத்தரை ஆகும். ஒன்பது மணிக்குப் படுத்திருந்தால் கிடைத்திருக்கும் ஒன்றரை மணி நேரம் போயே போய்விடும், ஏனென்றால் பிற்பகலில் எழும் நேரம் அதற்கேற்பத் தள்ளிப்போவதில்லை.

இன்னொன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்ணும் கையும் இணைந்து இயங்கும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த நிலையில் சாலையோரம் ஓடுவதும் ஆபத்து, ஓடி முடித்து வண்டி ஓட்டுவது அதைவிட ஆபத்து.

சரி, எப்போது ஓடலாம்? தூங்கி எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. பெரும்பாலோருக்கு அது மாலை நாலரை, ஐந்து மணி வாக்கில் வரும். மாலையில் உடல் வெப்பநிலை உச்சத்தை நெருங்கியிருக்கும். தசை தளர்ந்திருக்கும், அதே வேகம் லேசாகத் தெரியும். நைட் டியூட்டிக்காரருக்கு இயற்கை தரும் சலுகை இது ஒன்றுதான், விடாதீர்கள்.

என் ரோஸ்டர் மூன்று நைட், நான்கு ஆஃப். ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று மணி போட்டுச் சொல்ல முடியுமா?

இரவு ஏழரை முதல் காலை ஏழரை வரை டியூட்டி, திங்கள், செவ்வாய், புதன் இரவுகள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிழமைகள் வேறாக இருந்தால் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் ஓட்டம் இல்லை. காலையில் வழக்கம்போல எழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து டியூட்டிக்குப் போகிறீர்கள். இந்தப் பகல் தூக்கம் முதல் நைட்டைத் தாங்குவதற்கு. அதை ஓட்டத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது.

செவ்வாய் காலை வீடு திரும்பி ஒன்பது மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுகிறீர்கள். நாலரைக்குக் குட்டி ஓட்டம், இருபது, இருபத்தைந்து நிமிடம். ஐந்தே காலுக்குக் குளியல், சாப்பாடு, டியூட்டி. இதை ஏன் இரண்டாவது நைட்டுக்கு முன்னால் வைக்கிறோம் என்றால், மூன்றாவது நைட்டுக்கு முன்னால் தூக்கக் கடன் இன்னும் கூடியிருக்கும். ஆகவே புதன் மாலை ஓட்டம் இல்லை.

வியாழன் தான் பலர் குழப்பிக்கொள்ளும் நாள். காலையில் வந்து மாலை வரை தூங்கிவிட்டால் இரவு தூக்கம் வராது. ஆஃப் நாள் முழுக்க நைட் டியூட்டி உடம்போடு சுற்ற வேண்டும். ஒன்பது மணிக்குப் படுத்துப் பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். தலை கனமாகத்தான் இருக்கும். மாலை வெளிச்சத்தில் இருபது நிமிடம் நடந்துவிட்டு இரவு பத்து மணிக்குப் படுத்தால் அன்று கிடைக்கும் தூக்கம் ஆழமாக இருக்கும்.

வெள்ளி மாலை நடு ஓட்டம். சனிக்கிழமை கால் வலுவுக்கான பயிற்சி மட்டும். ஞாயிறு நீள ஓட்டம். அதற்குள் வியாழன், வெள்ளி, சனி என மூன்று இரவுத் தூக்கம் சேர்ந்திருக்கும். காலையில் ஓடினாலும் சரி, மாலையில் ஓடினாலும் சரி. ஆனால் ஒன்பதாவது வாரத்திலிருந்து பந்தயம் தொடங்கும் நேரத்திலேயே ஓடிப் பாருங்கள்.

எனக்கு அந்த வசதி எல்லாம் இல்லை. எட்டு மணி நேர நைட், வாரத்துக்கு ஆறு, ஒரே ஒரு ஆஃப். முடியுமா?

முடியும். சொல்லப்போனால் ஒரு விதத்தில் எளிது, ஏனென்றால் உங்கள் தூக்க நேரம் தினமும் ஒன்றாக இருக்கிறது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை டியூட்டி என்றால் ஏழரைக்குப் படுத்து ஒன்றரை, இரண்டுக்கு எழுவீர்கள். ஓட்டம் மாலை ஐந்து மணிக்கு.

ஆஃப் நாளில் பகலுக்கு முழுசாக மாற முயலாதீர்கள். கடைசி நைட் முடித்த காலை வழக்கம்போலத் தூங்குங்கள். அன்று மாலை, இரவு டியூட்டி இல்லாத அந்த நாளில், நீள ஓட்டத்தை வையுங்கள். இரவில் தூக்கம் வந்த நேரத்துக்குப் படுக்கலாம். ஓடிய களைப்போடு டியூட்டிக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள லாபம். நடு ஓட்டம் அதிலிருந்து மூன்றாவது நாள். குட்டி ஓட்டம் ஐந்தாவது நாள். அதை முதல் நான்கு வாரம் வெறும் நடையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு ஓட்டம், ஒரு வேக நடை என்று பன்னிரண்டு வாரமும் போனால்கூட 10 கி.மீ.யை முடிக்கலாம், நீள ஓட்டங்கள் விடுபடாத வரை.

மாதத்தில் ஒரு வாரம்தான் நைட், மீதி பகல் டியூட்டி. இது எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். கீழே நான்காவது, எட்டாவது வாரங்கள் இலகு வாரங்களாக இருக்கின்றன. அவற்றை உங்கள் நைட் வாரங்களோடு ஒட்டி வையுங்கள். ரோஸ்டரில் நைட் மூன்றாவது வாரமே வந்தால் மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். பந்தயத்துக்கு முந்தைய வாரம் மட்டும் நைட்டாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பன்னிரண்டு வாரமும் என்னதான் செய்ய வேண்டும்?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை உண்டு. கீழே சொல்லும் நிமிடங்களில் அது சேராது. ஓடி, நடந்து, மறுபடி ஓடும் முறை இது. பந்தயத்தன்றும் அப்படியேதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கீழே வருவது நடு ஓட்டத்தின் கணக்கு. குட்டி ஓட்டம் அதில் மூன்றில் இரண்டு பங்கு. நீள ஓட்டம் கிலோமீட்டரில், அதே ஓட்ட-நடை விகிதத்தில்.

முதல் வாரம் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு சுற்று. நீளம் 3 கி.மீ. இரண்டாம் வாரம் அதே விகிதம் பத்து சுற்று, 3.5 கி.மீ. மூன்றாம் வாரம் 2 ஓட்டம், 2 நடை, எட்டு சுற்று, 4 கி.மீ. நான்காம் வாரம் இலகு வாரம்: அதே விகிதத்தில் ஐந்து சுற்று மட்டும், நீளம் 3 கி.மீ., குட்டி ஓட்டம் கிடையாது.

ஐந்தாம் வாரம் 3 ஓட்டம், 2 நடை, ஆறு சுற்று, 5 கி.மீ. ஆறாம் வாரம் 4 ஓட்டம், 2 நடை, ஐந்து சுற்று; 5.5 கி.மீ. ஏழாம் வாரம் 4 ஓட்டம், 1 நடை, ஏழு சுற்று, 6.5 கி.மீ. எட்டாம் வாரம் மீண்டும் இலகு: நான்கு சுற்று, 4.5 கி.மீ., குட்டி ஓட்டம் இல்லை.

ஒன்பதாம் வாரம் 5 ஓட்டம், 1 நடை, ஆறு சுற்று, 7.5 கி.மீ. பத்தாம் வாரம் அதே விகிதம் ஏழு சுற்று, 8.5 கி.மீ., இதுதான் பயிற்சியின் உச்சம். பதினொன்றில் ஐந்து சுற்று, 6 கி.மீ. பன்னிரண்டில் வார நடுவில் மூன்று சுற்று ஒரே ஒரு முறை, அப்புறம் பந்தயம்.

பயிற்சியில் 10 கி.மீ. வரவே இல்லையே என்று கேட்பார்கள். 8.5 வரை போன கால் மீதி ஒன்றரையைப் பந்தய நாளில் ஓடிவிடும். அதற்கு மேல் பயிற்சியில் ஓடினால் மீளும் நாள்கள்தான் கூடும், அந்த நாள்கள் உங்களிடம் இல்லை. இலகு வாரங்களையும் தாண்டிக் குதிக்காதீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் ஆகும். ஐந்தாறு வாரத்தில் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று கூட்டி ஓடுபவர்களுக்குத்தான் முன்னங்கால் எலும்பில் வலி வருகிறது.

ஓடினால் இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். ஹேண்ட் ஓவரில் ஒரு நோயாளியின் விவரத்தைச் சொல்வது போலப் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்காக உடைந்தால் வேகம் அதிகம். முதல் மாதத்தில் அது வேக நடையைவிடச் சற்றே கூடுதலான வேகமாக இருக்கும். பக்கத்தில் நடப்பவர் உங்களோடு சேர்ந்து வந்தால்கூடக் கவலை இல்லை.

கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். தூக்கம் குறைந்த நாளில் அதே வேகம் கூடுதல் கஷ்டமாகத் தெரியும், இதயத் துடிப்பில் பெரிய மாற்றம் இல்லாமலேகூட. தூக்கக் குறைவு முதலில் தாக்குவது சிரமம் பற்றிய நம் உணர்வை. அந்த நாளில் வாட்ச் காட்டும் எண்ணை விரட்டாமல் உணர்வை நம்பி வேகத்தைக் குறையுங்கள். எழுந்தவுடன் நாடித்துடிப்பு பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், நைட் முடித்துத் தூங்கி எழுந்த நாளை அதே மாதிரி நாளோடும், ஆஃப் நாளை ஆஃப் நாளோடும் மட்டும் ஒப்பிட வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்றும் புரியாது.

நேற்று சரியாகத் தூங்கவே இல்லை. இன்று ஓடலாமா, கூடாதா?

கடந்த 24 மணி நேரத்தில் தூங்கிய மொத்த நேரத்தைக் கூட்டுங்கள், இடையில் போட்ட குட்டித் தூக்கத்தையும் சேர்த்து. ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் திட்டப்படி ஓடுங்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்றால் எந்த ஓட்டமாக இருந்தாலும் அதைக் குட்டி ஓட்டமாக்கிவிடுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் இருபது நிமிட நடை, அவ்வளவுதான். இது ஆய்வுக்கூடத்தில் அளந்த எல்லைக்கோடு இல்லை, நடைமுறைக்காகப் போட்ட கோடு. ஆனால் முன்கூட்டியே ஒரு கோடு இருந்தால் அரைத் தூக்கத்தில் எழுந்து நம்மோடு நாமே வாதாட வேண்டியதில்லை.

வார்டில் நடப்பதே ஒரு நைட்டுக்கு ஆறேழு கி.மீ. காட்டுகிறது. அதையும் பயிற்சியில் சேர்க்கலாமா?

பயிற்சியாகச் சேர்க்க முடியாது, சுமையாகச் சேர்க்க வேண்டும். வார்டு நடை துண்டு துண்டானது. இதயத் துடிப்பை ஓட்டத்துக்குத் தேவையான அளவுக்குத் தொடர்ந்து ஏற்றாது. ஆனால் பாதத்தின் அடித்திசுவும் கெண்டைக்காலும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்திருக்கின்றன. இந்தத் திட்டத்தில் வாரத்துக்கு மூன்று ஓட்டத்துக்கு மேல் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ரவுண்ட்ஸ் ஓடி ஓடிக் கால் ஓய்ந்துபோன நைட்டுக்கு மறுநாள் குட்டி ஓட்டத்தை விட்டுவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை.

டியூட்டி ஷூவையும் ஓடும் ஷூவையும் ஒன்றாக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று அமுங்கிய அடிப்பகுதி மெத்துத் தன்மையை விரைவில் இழந்துவிடும். புது ஷூ வாங்கப் போவது டியூட்டி நேரத்துக்குப் பின், கால் வீங்கியிருக்கும்போதாக இருந்தால் நல்லது. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வரும். இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் டியூட்டியில் வீக்கத்தைக் குறைக்கும். ஓட்டத்துக்கு அவசியம் இல்லை.

நைட்டில் காபி இல்லாமல் முடியாது. அது ஓட்டத்தைக் கெடுக்குமா? எப்போது சாப்பிட்டுவிட்டு ஓடுவது?

ஓட்டத்தைக் கெடுக்காது, தூக்கத்தைக் கெடுக்கும், அதன் வழியாக ஓட்டத்தையும். குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதல். ஒன்பது மணிக்குப் படுப்பவரின் கடைசிக் கோப்பை அதிகாலை மூன்று மணியோடு முடிய வேண்டும். சிக்கல் என்னவென்றால், தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரமே மூன்றிலிருந்து ஐந்து வரைதான். இடைவேளையில் படுக்க அனுமதி இருந்தால் இருபது நிமிடத் தூக்கம் அந்தக் கோப்பைக்கு நல்ல மாற்று. அரை மணி நேரத்தைத் தாண்டினால் எழும்போது மந்தமாக இருக்கும். எழுந்த கையோடு மருந்து அளவு கணக்கிடும் வேலையில் இறங்க வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. கனமான வேளையை நள்ளிரவுக்கு முன் முடித்துவிட்டு, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிறு உப்புசம் குறையும். மாலை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எளிதில் செரிக்கிற ஏதாவது மாவுச்சத்து, ஒரு வாழைப்பழம் அளவுக்குப் போதும். இந்தத் திட்டத்தின் எந்த ஓட்டத்துக்கும் நடுவில் ஜெல், இனிப்புப் பானம் தேவைப்படாது. தண்ணீர்தான் உண்மையான பிரச்சினை: டியூட்டியில் கழிப்பறை போக நேரமில்லை என்று குடிக்காமலே இருந்துவிடுகிறீர்கள். ஓடப் போகுமுன் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் ஒன்றிரண்டு கோப்பை குடித்து, அரை மணி நேரம் விட்டுக் கிளம்புங்கள்.

முன்னங்கால் எலும்பில் வலி வருகிறது. தொடரலாமா?

விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் உட்பக்க ஓரத்தில் நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் குறைந்து, மறுநாளைக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் கூடுதல் சுமையால் வந்த எரிச்சல். அந்த வாரத்தை இலகு வாரமாக்கி, அடுத்த வாரம் முந்தைய நிலையிலிருந்து தொடருங்கள்.

ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் குத்துவது போல வலித்தால், அந்தக் காலால் நொண்டிக் குதித்தால் அதே இடத்தில் சுருக்கென்றால், படுத்திருக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம், ஆகவே எக்ஸ்ரே சுத்தம் என்பதற்காக மறுநாளே ஓடிவிடாதீர்கள்.

தூங்கி எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் அடியில் வலித்தால் பாதத்தின் அடித்திசு பிரச்சினை. இது ஓட்டத்தைவிட டியூட்டியில் நிற்பதால் மோசமாகும். எனவே முதலில் டியூட்டி ஷூவை மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அது என்னவாக இருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நோயாளிக்கு எவ்வளவு அவசரப்படுவீர்களோ அதே அவசரத்தை உங்களுக்கும் காட்டுங்கள்.

வலு பயிற்சியில் ஒன்றே ஒன்று கேட்டால் இதைச் சொல்வேன்: படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. பன்னிரண்டு முறை, மூன்று தடவை, இரண்டு காலுக்கும், வாரத்துக்கு இரண்டு நாள். டியூட்டி முடிந்த காலையில் செய்யாதீர்கள்.

ஆறு வாரம் ஆகியும் எப்போதும் சோர்வாக இருக்கிறது. தூக்கம்தான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தும் சோர்வு குறையவில்லை என்றால், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் தைராய்டும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருப்பது உண்டு. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

இடையில் ஆள் பற்றாக்குறை, கூடுதல் டியூட்டி, பத்து நாள் ஓடவே இல்லை. திட்டம் போச்சா?

போகவில்லை. விட்டதைச் சேர்த்து ஓடுவதுதான் தப்பு. ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பத்து நாள் என்றால் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டால் வேறு பந்தயத்தைப் பார்ப்பது நல்லது. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வரை 7.5 கி.மீ. ஒரு முறையாவது ஓடியிருந்தால் போகலாம், 6 கி.மீ.கூடத் தொடாமல் போனால் கடைசி மூன்று கிலோமீட்டர் மிகவும் நோகும்.

பந்தயம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. நான் தூங்கப் போகும் நேரமே அதுதான். என்ன செய்வது?

முதல் வாரத்திலேயே அந்தத் தேதியை ரோஸ்டர் போடுபவரிடம் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் மாற்று ஆள் கிடைப்பது கஷ்டம், அதுவும் வார இறுதிக்கு. உங்களுக்கு வேண்டியது ஞாயிறு மட்டும் இல்லை: கடைசி நைட் புதன் இரவாக இருக்க வேண்டும், வியாழன் காலை அது முடிய வேண்டும். திங்கட்கிழமை இரவும் டியூட்டி இல்லாமல் கேளுங்கள்.

வியாழன், மேலே சொன்ன மாதிரி, காலையில் மூன்றரை மணி நேரம் மட்டும் தூங்கி இரவு பத்துக்குப் படுங்கள். வெள்ளி காலை எழுந்தவுடன் வெளியே போய் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள், மாலையில் வெளிச்சத்தைக் குறையுங்கள், இரவு ஒன்பதரைக்குப் படுங்கள். சனியும் அப்படியே, படுப்பது எட்டரை, ஒன்பதுக்கு. ஞாயிறு நாலு மணிக்கு எழ வேண்டும். சனி இரவு பதற்றத்தில் தூக்கம் வரவில்லை என்றால் பரவாயில்லை. வியாழனும் வெள்ளியும் தூங்கியிருந்தால் அது தாங்கும்.

விடுப்பு கிடைக்கவே இல்லை, சனி இரவு டியூட்டி முடித்து நேராகத்தான் போக முடியும் என்றால் போகாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். மாலையில் நடக்கும் பந்தயம் எங்காவது இருந்தால் நைட்டுக்காரருக்கு அதுதான் பொருத்தம்.

பந்தயத்தில் எப்படி ஓடுவது? நேரம் தாண்டிவிட்டால் அனுப்பிவிடுவார்களாமே?

பதிவு செய்யுமுன் எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பாருங்கள், பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். உங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிட வேகத்தில் 5 நிமிடம் ஓடினால் 625 மீட்டர். அடுத்த ஒரு நிமிட நடையில் சுமார் 90 மீட்டர். ஆக 6 நிமிடத்துக்கு 715 மீட்டர், 14 சுற்றில் 10 கி.மீ., மொத்தம் 84 நிமிடம். ஒன்றரை மணி நேர எல்லை உள்ள பந்தயத்தில் ஆறு நிமிடம்தான் மிச்சம். கழிப்பறை வரிசை ஒன்றே அதைத் தின்றுவிடும். முதல் பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் தருவதைத் தேடுங்கள்.

முதல் நடை இடைவேளையை ஐந்தாவது நிமிடத்திலேயே எடுங்கள். சுற்றியிருப்பவர்கள் பறந்துகொண்டிருக்கும்போது நடப்பதற்கு மனசு வராது. ஆனால் முதல் மூன்று இடைவேளையை விட்டவர்கள்தான் ஏழாவது கிலோமீட்டரில் நடையாகவே நடக்கிறார்கள். நடக்கும்போது ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருபவருக்குக் கை காட்டிவிட்டு நடங்கள். 8 கி.மீ. தாண்டியதும் தெம்பு இருந்தால் இடைவேளைகளை விட்டுவிட்டு ஓடலாம். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், படபடப்பு வந்தால் அந்த இடத்திலேயே நின்று மருத்துவ உதவியைக் கேளுங்கள்.

முடித்த மறுநாளே டியூட்டிக்குப் போகலாமா?

திங்கள் இரவு ஆஃப் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். தொடை வலி மறுநாளைவிட இரண்டாம் நாள் கூடுதலாகத் தெரியும், படி இறங்கும்போது. செவ்வாய் இரவுக்குள் நடை சாதாரணமாகிவிடும். நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை இருந்தால் அன்று ஒருவராகச் செய்யாமல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை போதும். அப்புறம் ஆறாம் வாரத்து அளவில் மீண்டும் தொடங்கலாம்.